பத்தாயிரம் பார்வைகள், ஆனால் பார்த்தவர் எத்தனை பேர்? குறும் விளம்பரக் காணொளிகளின் கணக்கு

எமது ஊர்களில் புடவைக் கடை, நகைக் கடை, உணவகம், வீடு விற்பனை முகவர், இசை நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் என்று யாரை எடுத்தாலும், இன்று விளம்பரச் செலவின் பெரும் பங்கு முப்பது செக்கன் காணொளிகளுக்கே போகிறது. முன்பு வானொலிக்கும் ஆண்டு மலருக்கும் கொடுத்த பணம் இப்போது பேஸ்புக், யூரியூப், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் ஆகியவற்றுக்குச் செல்கிறது. மாத முடிவில் விளம்பரம் செய்து கொடுத்தவர் ஓர் அறிக்கை அனுப்புவார். அதில் பார்வைகள் இத்தனை ஆயிரம், சராசரி பார்வை நேரம் இத்தனை செக்கன், முழுமையாகப் பார்த்தோர் வீதம் இவ்வளவு என்று இருக்கும். கடைக்காரர் முதல் எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, அறிக்கையை மூடிவிடுவார்.

கணக்கு எழுதிப் பழகிய எங்களுக்கு அந்த அறிக்கையில் உறுத்துவது எண்களின் அளவு அல்ல. எதை எதனால் வகுத்தார்கள் என்பதை அது சொல்வதில்லை. சராசரி என்றால் பள்ளிக்கூடத்தில் படித்ததுபோல மேலே ஒரு தொகுதி, கீழே ஒரு பகுதி. கீழே இருக்கும் பகுதியைச் சுருக்கினால் விடை தானாகப் பெரிதாகும். பொய்க் கணக்கு எதுவும் எழுதத் தேவையில்லை. உலகின் மிகப் பெரிய விளம்பர நிறுவனங்களில் ஒன்றிலேயே இது நடந்திருக்கிறது.

2016 செப்ரெம்பரில் வெளிவந்த செய்தி அது. பேஸ்புக் தனது விளம்பரதாரர்களுக்குக் காட்டிவந்த சராசரி பார்வை நேரம் சுமார் இரண்டு ஆண்டுகளாகக் கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. ஒரு காணொளியை எல்லோரும் சேர்ந்து பார்த்த மொத்த நேரத்தை, அது ஓடத் தொடங்கிய எல்லோரது எண்ணிக்கையாலும் வகுத்திருக்க வேண்டும். ஆனால் மூன்று செக்கன் அல்லது அதற்கு மேல் பார்த்தவர்களின் எண்ணிக்கையால் மட்டுமே வகுத்திருந்தார்கள். அதாவது, ஒரு செக்கனில் விரலால் தள்ளிவிட்டுப் போனவரின் நேரம் மேலே கூட்டலில் சேர்ந்தது. அவருடைய தலை கீழே எண்ணிக்கையில் சேரவில்லை.

இதைக் கோயில் நிதிச் சேகரிப்போடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். நூறு பேர் வந்து மொத்தம் 500 டொலர் கொடுத்தார்கள் என்று வைப்போம். ஆளுக்குச் சராசரி 5 டொலர். ஆனால் செயலாளர், பத்து டொலருக்கு மேல் கொடுத்த 40 பேரால் மட்டும் அந்த 500ஐ வகுத்தால் சராசரி 12 டொலர் 50 சதமாகிவிடும். கூட்டலில் பிழையில்லை, வகுத்தலிலும் பிழையில்லை. ஆனாலும் அந்தச் சராசரி ஒருவரையும் குறிக்கவில்லை.

எந்த அளவுக்குக் கூடியது? 60 முதல் 80 சதவீதம் வரை கூட்டிக் காட்டப்பட்டிருக்கலாம் என்று பேஸ்புக் தங்களிடம் கூறியதாக, பப்ளிசிஸ் என்ற பெரிய விளம்பர முகவர் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு எழுதியது. பின்னர் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்த விளம்பரதாரர்கள், அது 150 முதல் 900 சதவீதம் வரை இருந்தது என்று வாதிட்டார்கள். நிறுவனம் தன்மீது குற்றம் எதுவும் இல்லை என்றும், இந்த எண்ணால் எவருக்கும் கட்டணம் கூடவில்லை என்றும் சொன்னது. 2019இல் 40 மில்லியன் டொலரில் வழக்குச் சமரசமானது.

இந்தச் சதவீதங்களைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் சுவையான ஒரு விடயம் தெரியவரும். பிழை முழுவதும் பகுதியில்தான் இருந்தது என்றால், 60 சதவீதம் கூடியதன் பொருள், தொடங்கிய 160 பேருக்கு 100 பேர்தான் மூன்று செக்கனைத் தாண்டினார்கள் என்பதே. மிகுதி 60 பேர், அதாவது ஏறக்குறைய 38 சதவீதத்தினர், அதற்கு முன்பே போய்விட்டார்கள். 80 சதவீதம் என்றால் அது சுமார் 44 சதவீதம். வழக்காளிகள் சொன்ன 150 சதவீதம் சரியானால், முன்பே போனவர்கள் 60 சதவீதம். 900 சதவீதம் சரியானால் 90 சதவீதம். ஆகவே வழக்கு சதவீதத்தைப் பற்றியதாக இருந்தாலும், உண்மையில் மறைந்திருந்தது முதல் மூன்று செக்கனில் போய்விட்டவர்களின் கூட்டம்.

கட்டணம் கூடவில்லை என்ற பதில் விளம்பரதாரருக்குப் போதுமானதல்ல. அடுத்த மாதம் எங்கே பணம் போடுவது என்பதை அவர் இந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறார். ஓர் இடத்தில் மக்கள் 13 செக்கன் நிற்கிறார்கள், இன்னோர் இடத்தில் 6 செக்கன்தான் நிற்கிறார்கள் என்று அறிக்கைகள் சொன்னால், எந்தக் கடைக்காரரும் முதல் இடத்தையே தெரிவு செய்வார். பட்டியல் விலை சரியாக இருந்தும், கொள்வனவு பிழையாகிவிடும்.

இனி ஒரு கற்பனைக் கடையை எடுத்துக் கணக்கை முழுமையாகச் செய்து பார்ப்போம். தீபாவளி விற்பனைக்காக ஒரு புடவைக் கடை முப்பது செக்கன் காணொளி ஒன்றைச் செய்து, 200 டொலர் கொடுத்து ஓடவிடுகிறது. 10,000 பேரின் கைபேசியில் அது ஓடத் தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை என்று வைப்போம். அவர்களில் 6,000 பேர் மூன்று செக்கனுக்கு முன்பே, சராசரியாக ஒரு செக்கனில், தள்ளிவிட்டுப் போனார்கள். 2,500 பேர் மூன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையில், சராசரியாக ஆறாவது செக்கனில் விலகினார்கள். 900 பேர் அதற்குப் பின், சராசரியாகப் பதினைந்தாவது செக்கனில் விலகினார்கள். 600 பேர் கடைசிவரை பார்த்தார்கள்.

நேரத்தைக் கூட்டுவோம். முதல் கூட்டம் 6,000 செக்கன். இரண்டாவது 15,000. மூன்றாவது 13,500. கடைசிவரை இருந்தவர்கள் 18,000. மொத்தம் 52,500 செக்கன், அதாவது 14 மணி 35 நிமிடம். இதைத் தொடங்கிய 10,000 பேரால் வகுத்தால் சராசரி ஐந்தே கால் செக்கன். மூன்று செக்கன் தாண்டிய 4,000 பேரால் வகுத்தால் 13 செக்கனுக்குச் சற்று மேல். காணொளி ஒன்றுதான், பார்த்தவர்களும் அவர்களேதான். ஆனால் ஒரு விடை மற்றதைவிட இரண்டரை மடங்கு பெரியது.

சரியான சராசரியும்கூட முழுக் கதையைச் சொல்லாது. ஐந்தே கால் செக்கன் என்றதும், சாதாரண ஆள் ஒருவர் ஐந்து செக்கன் பார்த்தார் என்றுதான் மனம் எண்ணும். அப்படி இல்லை. பத்துப் பேரில் ஆறு பேர் மூன்று செக்கனுக்குள் போய்விட்டார்கள். கடைசிவரை இருந்த 600 பேர்தான் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்து, சராசரியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஒரு தெருவில் ஒரு கோடீஸ்வரர் குடிவந்தால் தெருவின் சராசரி வருமானம் உயர்வதைப் போன்றது இது. அதனால் சராசரியை மட்டும் பார்க்காமல், விலகும் இடங்களையும் பார்க்க வேண்டும்.

விலகும் இடங்களைப் பெரும்பாலான தளங்கள் நான்கு கட்டமாகக் காட்டும். காணொளியின் கால்பங்கு, அரைப்பங்கு, முக்கால்பங்கு, முழுவதும் என்ற ஒவ்வொரு கட்டத்தையும் எத்தனை பேர் எட்டினார்கள் என்று சொல்லும். எமது புடவைக் கடைக் காணொளியில் கால்பங்கு என்பது ஏழரை செக்கன். அதை எட்டியவர்கள் 2,000 பேர் என்று வைப்போம். அரைப்பங்கை 1,000 பேர், முக்கால்பங்கை 700 பேர், முடிவை 600 பேர்.

இந்த நான்கு எண்களும் கையில் இருந்தால், அறிக்கையில் உள்ள சராசரி நம்பத்தக்கதா என்று எவரும் வீட்டில் இருந்தே சரிபார்க்கலாம். வங்கிக் கூற்றை எமது காசேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைப் போன்ற வேலைதான் இது. ஏழரை செக்கனை எட்டாதவர் அதிகபட்சம் எவ்வளவு பார்த்திருப்பார்? ஏழரை செக்கனுக்கு மேல் போயிருக்க முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் விலகியவர்கள் அடுத்த கட்டத்தின் வாசல்வரை வந்துவிட்டுத்தான் போனார்கள் என்று தாராளமாகவே வைப்போம். அப்படியானால் 10,000, 2,000, 1,000, 700 ஆகிய நான்கையும் கூட்டி வரும் 13,700ஐ ஏழரையால் பெருக்க, 102,750 செக்கன் வரும். 10,000 பேருக்குப் பகிர்ந்தால் சராசரி 10.3 செக்கன். இதற்கு மேல் எந்தக் கணக்கிலும் வர வழியில்லை.

இப்போது அறிக்கை 13 செக்கன் என்று சொன்னால், அது தொடங்கிய எல்லோருக்குமான சராசரி அல்ல என்பது உறுதியாகிவிட்டது. யாரோ பகுதியை மாற்றியிருக்கிறார்கள். கீழ் எல்லையையும் இதேபோல் காணலாம். ஒவ்வொருவரும் தாம் எட்டிய கட்டத்திலேயே உடனே விலகினார்கள் என்று வைத்து, 2,000, 1,000, 700, 600 ஆகியவற்றைக் கூட்டி ஏழரையால் பெருக்கி 10,000 ஆல் வகுத்தால் 3.2 செக்கன். உண்மை இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். எமது ஐந்தே கால் அங்கேதான் இருக்கிறது. எல்லைக்குள் இருக்கும் எண் எல்லாம் சரியானது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் எல்லைக்கு வெளியே நிற்கும் எண்ணுக்கு விளக்கம் கேட்கும் உரிமை பணம் கொடுத்தவருக்கு உண்டு.

இதே எண்களில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கடையின் முகவரியும் விற்பனைத் திகதியும் காணொளியின் இருபத்தாறாவது செக்கனில் வருகின்றன என்று வைப்போம். எமது பழக்கமே அதுதான். முதலில் குத்துவிளக்கு, பிறகு நாதஸ்வரம், பிறகு கடையின் பெயர்ப்பலகை, கடைசியில் முகவரி. முக்கால்பங்கை எட்டியவர்களே 700 பேர் என்பதால், முகவரியைக் கண்டவர்கள் 600க்கும் 700க்கும் இடையில்தான். 200 டொலரை 10,000 பார்வைகளால் வகுத்தால் பார்வைக்கு இரண்டு சதம், மிக மலிவு. மூன்று செக்கன் நின்றவர்களால் வகுத்தால் ஐந்து சதம். முகவரியைக் கண்டவர்களால் வகுத்தால் ஆளுக்கு ஏறக்குறைய முப்பது சதம். கடைக்காரர் வாங்க நினைத்தது மூன்றாவதை. அவருக்குக் காட்டப்படும் விலை முதலாவது.

முகவரியை இரண்டாவது செக்கனுக்குக் கொண்டுவந்தால், மேலதிகமாக ஒரு சதமும் கொடுக்காமல் அதைக் காண்பவர் குறைந்தது 4,000 பேராகிவிடும். விலகும் இடங்களின் வரைபடத்தால் கிடைக்கும் நேரடிப் பயன் இதுதான். முதல் மூன்று செக்கனில் பெரும் இறக்கம் இருப்பது எல்லாக் காணொளிக்கும் பொது. அதைக் கண்டு கலங்கத் தேவையில்லை. நடுவில் திடீரென்று ஒரு செங்குத்தான இறக்கம் தெரிந்தால் அந்தச் செக்கனுக்குப் போய் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே நீண்ட வரவேற்புரையோ, அனுசரணையாளர் பெயர்ப் பட்டியலோ இருக்கும்.

அடுத்து, முழுமையாகப் பார்த்தோர் வீதம். இதிலும் ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு வரைவிலக்கணம். யூரியூப்பில் ஐந்து செக்கனின் பின் தவிர்த்துவிட்டுப் போகக்கூடிய விளம்பரங்களில், முப்பது செக்கன் பார்த்தால், அல்லது விளம்பரம் அதைவிடக் குறுகியது என்றால் முடிவுவரை பார்த்தால், அல்லது அதை அழுத்தினால்தான் ஒரு பார்வையாக எண்ணி வந்திருக்கிறார்கள். பேஸ்புக்கில் "ThruPlay" என்ற பெயரில் வரும் எண், பதினைந்து செக்கன் பார்த்தவர்களையும், அதைவிடக் குறுகிய காணொளியை முடிவுவரை பார்த்தவர்களையும் குறிக்கும். ஆகவே ஒரே முப்பது செக்கன் காணொளிக்கு பேஸ்புக்கில் பாதிவரை வந்தவர் எண்ணப்படுகிறார். யூரியூப்பில் முடிவுவரை வந்தவர்தான் எண்ணப்படுகிறார். எமது உதாரணத்தில் முதல் வரைவிலக்கணப்படி வீதம் 10 சதவீதம், இரண்டாவதன்படி 6 சதவீதம். ஒரு தளம் மற்றதைவிடச் சிறந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

நீளத்தை மாற்றினாலும் இதே கதைதான். தவிர்க்கும் பொத்தான் ஐந்தாவது செக்கனில்தான் தோன்றும். பத்துச் செக்கன் விளம்பரத்துக்கு அதன்பின் மிஞ்சுவது ஐந்து செக்கன். முப்பது செக்கன் விளம்பரத்துக்கு இருபத்தைந்து. குறுகிய விளம்பரத்தின் வீதம் உயர்ந்து நிற்பதில் வியப்பில்லை. தவிர்க்கவே முடியாத விளம்பரங்களில் வீதம் நூறை நெருங்கும். கதவைப் பூட்டிவிட்டு, ஒருவரும் எழுந்து போகவில்லை என்று சொல்வதைப் போன்றது அது. ஒரே நீளம், ஒரே தளம், ஒரே வகை விளம்பரம் என்றிருக்கும் இரண்டு காணொளிகளை மட்டுமே இந்த வீதத்தால் ஒப்பிடலாம்.

இவை பழைய செய்திகள் என்று எண்ணுவோருக்கு அண்மைய ஒன்றையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச் 31ஆம் திகதி முதல் யூரியூப் தனது குறுங்காணொளிகளில் பார்வை என்பதன் பொருளை மாற்றியது. இப்போது காணொளி ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. முடிந்து மீண்டும் தானாகத் தொடங்கினாலும் இன்னொரு பார்வை. எத்தனை செக்கன் பார்க்க வேண்டும் என்ற குறைந்தபட்ச நிபந்தனை எதுவும் இல்லை. பழைய முறையில் எண்ணும் கணக்கை அவர்கள் கைவிடவில்லை. அது "Engaged views" என்ற பெயரில் காணொளி உரிமையாளரின் பகுப்பாய்வுப் பக்கத்துக்குள் இருக்கிறது. காணொளி செய்பவர்களுக்கு யூரியூப் தன் வருமானத்தில் பங்கு கொடுக்கும்போது அந்த உள்ளே உள்ள எண்ணையே பார்க்கிறது. வெளியே எல்லோருக்கும் தெரிவது பெரிய எண்.

இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. மாற்றத்தை முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தார்கள். ஆனால் காசைப் பங்கிடும் இடத்தில் ஓர் எண்ணையும், மக்கள் பார்க்கும் இடத்தில் இன்னோர் எண்ணையும் வைத்தால், எது காசுக்குப் பெறுமதியானது என்று அந்த நிறுவனமே சொல்லிவிட்டது என்பதுதான் கணக்காளர் பாசை. மார்ச்சுக்கு முன் 20,000 பார்வைகள், பின்பு 35,000 பார்வைகள் என்று ஒருவர் வளர்ச்சி காட்டினால், அதில் எவ்வளவு புதிய பார்வையாளர்கள், எவ்வளவு புதிய வரைவிலக்கணம் என்று பிரித்துக் கேட்க வேண்டும். கணக்கியலில் ஒரு நிறுவனம் கணக்குக் கொள்கையை மாற்றினால் முந்தைய ஆண்டின் எண்களையும் புதிய முறைக்கு மாற்றி அருகில் வைத்துக் காட்ட வேண்டும் என்பது பொது விதி. இங்கே அப்படி மாற்றிக் காட்டுமாறு எவரும் கேட்பதில்லை.

எமது சமூகத்தில் இந்த எண்களின் பயன்பாடு கடைகளோடு நின்றுவிடவில்லை. ஊர்ப் பாடசாலைக்கு நிதி திரட்டும் சங்கங்களும், நினைவு நிகழ்வுகளை ஒழுங்கு செய்யும் அமைப்புகளும் குறுங்காணொளிகளை வெளியிடுகின்றன. பின்னர் கூட்டங்களில், எமது அழைப்பை ஐம்பதாயிரம் பேர் பார்த்தார்கள், மக்கள் எம்மோடு இருக்கிறார்கள் என்று பேசப்படுகிறது. ஒரு செக்கனில் கடந்து போனவரையும் ஆதரவாளராக எண்ணினால், மண்டபத்தில் கதிரைகள் ஏன் வெறுமையாக இருந்தன என்பதற்கு விடை கிடைக்காது. விடை கிடைக்காத இடத்தில், மக்கள் மாறிவிட்டார்கள், இளையோருக்கு அக்கறை இல்லை என்ற பழி எழுகிறது. பழி சொல்லும் முன், அந்த ஐம்பதாயிரத்தின் பகுதி எது என்று பார்ப்பது நியாயம்.

ஆகவே விளம்பரம் செய்து கொடுப்பவரிடம் மூன்றே மூன்று எண்களைத் தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். காணொளி எத்தனை தடவை ஓடத் தொடங்கியது, மொத்தம் எத்தனை மணிநேரம் பார்க்கப்பட்டது, கால், அரை, முக்கால், முழு ஆகிய கட்டங்களை எத்தனை பேர் எட்டினார்கள். இவை எல்லாம் அவருடைய திரையில் ஏற்கெனவே இருப்பவைதான். பார்வை அனுமதி கொடுத்தால் நீங்களே பார்க்கலாம். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் உண்மையான சராசரி வந்துவிடும். மூன்றாவதை வைத்து அந்தச் சராசரி எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்க்கலாம். பின்னர் உங்கள் முகவரி எந்தச் செக்கனில் வருகிறது என்று காணொளியை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்து, அதுவரை எத்தனை பேர் நின்றார்கள் என்பதால் கொடுத்த பணத்தை வகுத்துக்கொள்ளுங்கள். அடுத்த விளம்பரத்துக்கு விலை பேசும்போது கையில் வைத்திருக்க வேண்டியது அந்த விடையைத்தான்.